நாடி ஒடுங்கும்போது குருதிக்கு நேர்வது என்ன?

இதயத்தின் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாடியொன்றில் 50 வீத அடைப்பு உள்ளதென ஒருவருக்கு அறிக்கை கிடைக்கின்றது என வைத்துக்கொள்வோம். இதயத்துக்குப் போகவேண்டிய இரத்தத்தில் பாதிதான் இப்போது போகின்றது என்று வீட்டில் உள்ளோர் உடனே கணக்குப் போட்டுவிடுகின்றனர். இன்னொருவருக்கு 70 வீத அடைப்பு என்று கூறப்படுகின்றது. அவரோ சாய்வு நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கும்போது எந்தவித உபாதையும் இன்றி இருக்கின்றார். ஆகவே அறிக்கையில்தான் ஏதோ பிழை என்று அவர் நம்பத் தலைப்படுகின்றார். முதலாமவரின் வீட்டில் ஏற்பட்ட கலக்கத்துக்கும் இரண்டாமவரின் அலட்சியத்துக்கும் காரணம் ஒன்றே. அடைப்பின் வீதத்தை இரத்த ஓட்டத்தின் வீதமாக அவர்கள் வாசித்துவிட்டனர். இவை இரண்டும் வேறு வேறானவை. எவ்வாறு வேறானவை என்பதை விளங்கிக்கொள்வதற்கு மருத்துவம் கற்றிருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கூரைக்கு மேலுள்ள தண்ணீர்த் தாங்கியையும் முற்றத்துக் குழாயையும் சற்று உற்றுக் கவனித்தாலே போதுமானது.

முதலில் அந்த 50 வீதம் எதனுடைய வீதம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அஞ்சியோகிராம் பரிசோதனையில் நாடிக்குள் மருந்தைச் செலுத்திப் படம் பிடிக்கும்போது திரையில் தெரிவது குழாயின் நிழல். அந்த நிழலின் அகலம், அதாவது விட்டம், எவ்வளவு குறைந்துள்ளது என்பதையே வைத்தியர்கள் வழமையாக வீதமாகக் குறிப்பிடுகின்றனர். மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடி ஓரிடத்தில் ஒன்றரை மில்லிமீற்றராக ஒடுங்கினால் அது 50 வீத அடைப்பு. ஆனால் குருதி செல்வது குழாயின் வட்டமான வாய்ப்பரப்பு ஊடாகவே. விட்டம் பாதியாகும்போது வட்டத்தின் பரப்பு காற்பங்காகி விடுகின்றது. விட்டத்தைக் கொண்டு 50 வீதம் என்று சொல்லப்பட்ட அதே அடைப்பு, பரப்பைக் கொண்டு சொன்னால் 75 வீதம். ஒரே நாடியைப் பற்றிய இரு அறிக்கைகளில் இரு வேறு எண்கள் காணப்படுமாயின், வைத்தியர்களுக்கிடையே கருத்து வேறுபாடு என்று எண்ணுவதற்கு முன்னர் அவை எதை அளந்த எண்கள் என்று கேட்பது பயனுள்ளது.

இனி வேகத்தைப் பார்ப்போம். தண்ணீரைப் பிழிந்து சுருக்க முடியாது. ஒரு குழாயின் ஒரு முனையில் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நுழைந்தால் மறுமுனையிலும் ஒரு லீற்றரே வெளியேற வேண்டும். இடையில் குழாய் ஒடுங்கியிருந்தாலும் அந்த ஒரு லீற்றர் அந்த ஒடுங்கிய வாயினூடாகவே சென்றாக வேண்டும். பரப்புக் குறைந்த இடத்தில் அதே அளவு தண்ணீர் அதே நேரத்தில் கடப்பதற்கு ஒரே வழி வேகமாகக் கடப்பதுதான். அகன்று மெல்ல ஓடும் ஆறு இரு பாறைகளுக்கிடையே புகும்போது சீறிப்பாய்வது இதனாலேயே. பரப்பு காற்பங்கானால் வேகம் நான்கு மடங்காகும். ஓய்வாக இருக்கும்போது இதய நாடியில் குருதி செக்கனுக்குச் சுமார் 20 சென்ரிமீற்றர் வேகத்தில் செல்கின்றதெனின், 50 வீத ஒடுக்கத்தில் அது 80 சென்ரிமீற்றர் வேகத்தைப் பெறும். இங்கே கவனிக்கவேண்டியது, ஓடும் குருதியின் அளவு குறையவில்லை என்பதாகும். அளவு குறையாதபடியினால்தான் வேகம் கூடியது.

கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதியை எடுத்துச் செல்லும் நாடிகளில் ஒடுக்கம் உண்டா என்பதை அறிவதற்கு இந்த வேக மாற்றமே பயன்படுகின்றது. டொப்ளர் எனப்படும் ஒலியலைக் கருவியைக் கழுத்தின் மீது வைத்து, உள்ளே ஓடும் குருதியின் வேகத்தை வைத்தியர் அளக்கின்றார். அமெரிக்கக் கதிரியல் நிபுணர்கள் கூடி 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. அதன்படி, இதயத் துடிப்பின் உச்சத்தில் மூளைக்குச் செல்லும் உட்கிளையில் குருதியின் வேகம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், ஒடுக்கம் 50 வீதத்தை எட்டவில்லை எனக் கொள்ளப்படுகின்றது. 230 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஒடுக்கம் 70 வீதமோ அதற்கு மேலோ எனக் கொள்ளப்படுகின்றது. வேகத்தின் எண்ணோடு, ஒலியலைப் படத்தில் தெரியும் கொழுப்புப் படிவின் அளவையும் சேர்த்தே இந்த முடிவுக்கு வரவேண்டும் என்று அந்த வழிகாட்டல் கூறுகின்றது. இந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு.

பூந்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இறப்பர்க் குழாயின் வாயை விரலால் சிறிது மூடினால் தண்ணீர் வேகமெடுத்துத் தூரப் பாய்கின்றது. இன்னும் அழுத்தி மூடினால் இன்னும் தூரம் செல்கின்றது. ஆனால் இது முடிவின்றித் தொடர்வதில்லை. மயிரிழை இடைவெளி மட்டும் எஞ்சும்வரை மூடினால் சீறல் அடங்கி விரலிடுக்கில் தண்ணீர் கசியத் தொடங்கும். அளவு குறையாதவரை வேகம் கூடும். ஒடுக்கம் எல்லை மீறியதும் அளவே சரிந்துவிடும், வேகமும் அதனோடு சரியும். நாடியிலும் இதுவே நிகழ்கின்றது. ஏறத்தாழ முற்றாக மூடிவிட்ட கழுத்து நாடியில் வேகம் 125 க்கும் குறைவாகக் காணப்படக்கூடும். எண்ணை மட்டும் வாசிப்பவர், மிக மோசமான நாடியை நல்ல நாடியென எழுதிவிடும் ஆபத்து இங்கே உள்ளது. அனுபவமுள்ள பரிசோதகர் குறைந்த வேகத்தைக் கண்டதும் திருப்தியடையாமல் படத்தில் குழாயின் வாயைத் தேடுவது இதனாலேயே.

வேகத்தைவிட மக்கள் மனதில் அதிகம் குழம்பியிருப்பது அமுக்கம் பற்றிய எண்ணமாகும். ஒடுங்கிய இடத்தில் குருதி நெருக்குண்டு அமுக்கம் கூடுகின்றது என்றே பெரும்பாலானோர் நினைக்கின்றனர். சனநெரிசலில் ஒடுங்கிய வாசலில் நாம் நசிபடுவதை வைத்து எழுந்த எண்ணம் இது. உண்மை இதற்கு நேர்மாறானது. ஒடுங்கிய இடத்தில் அமுக்கம் குறைகின்றது.

இது எவ்வாறு சாத்தியம்? மெல்ல ஓடிவந்த குருதி ஒடுக்கத்தினுள் புகும்போது வேகமெடுக்கின்றது என்று கண்டோம். எந்தப் பொருளும் தானாக வேகமெடுப்பதில்லை, பின்னாலிருந்து ஏதோவொன்று அதைத் தள்ள வேண்டும். குழாய்க்குள் இருக்கும் திரவத்தைத் தள்ளக்கூடியது அமுக்க வேறுபாடு ஒன்றே. பின்னால் அமுக்கம் கூடுதலாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தான் திரவம் முன்னோக்கி வேகம் பெறும். ஆகவே ஒடுக்கத்தினுள் வேகம் கூடியிருக்கின்றது என்பதே, அதற்கு முன்னுள்ள இடத்தைவிட அங்கு அமுக்கம் குறைந்திருக்கின்றது என்பதற்குச் சான்று. அமுக்கமாக இருந்த சக்தி வேகமாக உருமாறியிருக்கின்றது. இதனை 1738 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட டானியல் பேணூலி மருத்துவம் பயின்ற கணித அறிஞர் என்பது குறிப்பிடத்தக்கது.

சனநெரிசலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று வாசகர் கேட்கலாம். வாசலில் மனிதர் வேகமெடுப்பதில்லை, தேங்கி நிற்கின்றனர். தண்ணீர் தேங்குவதில்லை. நெருக்கத்தைப் பற்றிய நமது உடலனுபவம் இங்கே நமக்கு வழிகாட்டவில்லை.

இவ்வாறு வேகமாக மாறிய சக்தி ஒடுக்கத்தைக் கடந்து குழாய் மீண்டும் அகலும்போது அமுக்கமாகத் திரும்பிவிட்டால் எவருக்கும் நட்டமில்லை. குழாய் மிக மெதுவாக, புனல் போல் அகலுமாயின் பெரும்பகுதி திரும்பிவிடும். நீரோட்டத்தை அளப்பதற்குப் பொறியியலாளர்கள் அமைக்கும் ஒடுங்கிய குழாய்கள் இவ்வாறுதான் வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் நாடிச் சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து எழுந்த மேடு எந்தப் பொறியியலாளரும் வரைந்தது அன்று. பெரும்பாலும் அது திடீரென முடிகின்றது. சீறிவந்த குருதி அகன்ற பகுதியினுள் தாரையாகப் பாய்ந்து, இருபுறமும் சுழிகளை உண்டாக்கிக் கலங்குகின்றது. அந்தச் சுழிகளில் சக்தி வெப்பமாகக் கரைந்துவிடுகின்றது. அந்த வெப்பம் மிகச் சொற்பம்; எவரும் உணரமாட்டார். கலக்கத்தின் ஓசையோ சில வேளைகளில் கேட்கும். வைத்தியர் கழுத்தில் ஸ்ரெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் 'ஊஸ்' என்ற ஓசை இதுவே. நாடி ஏறத்தாழ மூடி ஓட்டம் சரிந்துவிட்டால் இந்த ஓசையும் மறைந்துவிடலாம். ஓசை இல்லாமையும் நலத்துக்கு உத்தரவாதமன்று.

சுழிகளில் ஏற்படும் இந்த இழப்போடு உராய்வினால் ஏற்படும் இழப்பும் சேர்கின்றது. குருதி தண்ணீரைவிட மூன்று நான்கு மடங்கு பிசுபிசுப்பானது. ஒடுங்கிய குழாயினூடாக அதனைத் தள்ளுவதற்குத் தேவைப்படும் அமுக்கம் எவ்வளவு என்பதை, பாரிஸ் நகர வைத்தியரான புவாசேய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஆராய்ந்து 1840 களில் வெளியிட்டார். அவர் கண்ட விதி கடுமையானது. அதே நீளம், அதே ஓட்டம் என்றிருக்க விட்டத்தை மட்டும் பாதியாக்கினால், தேவைப்படும் அமுக்கம் இரு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல, பதினாறு மடங்கு.

இப்போது நமது மூன்று மில்லிமீற்றர் நாடிக்குத் திரும்புவோம். ஒன்றரை மில்லிமீற்றராக ஒடுங்கிய பகுதி ஒரு சென்ரிமீற்றர் நீளமுடையது எனக் கொள்வோம். ஓய்வு நிலையில், கையில் பட்டியைக் கட்டி 120, 80 என்று அளக்கப்படும் அதே அலகில் கணக்கிட்டால், உராய்வினால் 3 அலகும் சுழிகளினால் ஒன்றரை அலகும் என மொத்தமாகச் சுமார் நாலரை அலகு இழக்கப்படுகின்றது. ஒடுக்கம் இல்லாதிருந்தால் அதே ஒரு சென்ரிமீற்றரில் அலகில் ஐந்திலொரு பங்கே இழக்கப்பட்டிருக்கும். பெருநாடியில் சராசரி அமுக்கம் 90 என்று கொண்டால், ஒடுக்கத்துக்கு அப்பால் எஞ்சுவது 85 க்குச் சற்று மேல். இதயத் தசைக்கு இது ஒரு பொருட்டே அன்று. பாதி இரத்தம் போய்விட்டது என்று கலங்கிய வீட்டாரின் கணக்கு எவ்வளவு பிழையானது என்பது இங்கே தெளிவாகின்றது.

ஆனால் கதை இத்தோடு முடிவதில்லை. வீட்டுக் கூரையின் மேல் தாங்கி உள்ளது. அதிலிருந்து இறங்கும் பழைய இரும்புக் குழாயினுள் ஓரிடத்தில் துருப்பிடித்து வாய் சிறுத்துவிட்டது. சமையலறைக் குழாயை மட்டும் மெல்லத் திறந்து ஒரு கோப்பை தண்ணீர் பிடிப்பவருக்குக் குறையேதும் தெரியாது. அவருடைய குழாயைச் சற்றுக் கூடுதலாகத் திருகினால் சிறிய குறையும் சரியாகிவிடும். காலையில் குளியலறை, சமையலறை, முற்றம் என எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறக்கும்போதுதான் நூலாய் ஒழுகும் தண்ணீரைக் கண்டு வீட்டார் முகம் சுளிக்கின்றனர். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அமுக்கமானியை வைத்துப் பார்த்தாலோ, துருப்பிடித்த குழாய் முழு அமுக்கத்தையே காட்டும். ஓட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. குழாயின் குறை ஓட்டம் கூடும்போதே வெளிப்படும்.

இதயத்தில் இந்தத் திருகு குழாய்களின் இடத்தை வகிப்பவை புன்னாடிகள். தசைக்குள் பரவியிருக்கும் மிக நுண்ணிய இந்நாடிகள் தம் சுவர்த் தசையைத் தளர்த்தி அகலவும் இறுக்கிச் சுருங்கவும் வல்லவை. ஓய்வு நிலையில் இவை பெரிதும் சுருங்கியே இருக்கின்றன. படியேறும்போதோ பாரம் தூக்கும்போதோ இதயம் வேகமாக உழைக்க, இவை அகன்று குருதி ஓட்டத்தை மூன்று நான்கு மடங்காக்குகின்றன. மேலே பெரிய நாடியில் ஒடுக்கம் ஏற்பட்டு அமுக்கம் குறைந்தால், இவை ஓய்விலேயே சற்று அகன்று அக்குறையை ஈடுசெய்துவிடுகின்றன. உடலின் இந்த ஏற்பாடு வியப்புக்குரியது. ஆனால் உழைப்பின்போது செலவிடுவதற்காக இருந்த சேமிப்பிலிருந்தே இந்த ஈடு செலுத்தப்படுகின்றது. எவருக்கும் தெரியாமல் சேமிப்புக் கரைந்துகொண்டிருக்கும்.

சுகமான நிலையில் மூன்று மடங்கு வரை ஓட்டத்தைக் கூட்டக்கூடிய ஒரு நாடியை எடுத்து எண்களை இட்டுப் பார்ப்போம். ஓட்டம் மூன்று மடங்கானால் உராய்வின் இழப்பும் மூன்று மடங்காகும். சுழிகளின் இழப்போ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது ஒன்பது மடங்காகும். 50 வீத ஒடுக்கமுள்ள நாடியில், ஓய்வில் நாலரையாக இருந்த இழப்பு மூன்று மடங்கு ஓட்டத்தில் 22 ஆக உயர வேண்டும். அவ்வளவு அமுக்கத்தை இழந்தபின் மூன்று மடங்கு ஓட்டத்தைத் தள்ளுவதற்குப் போதிய அமுக்கம் மிஞ்சாது. எனவே புன்னாடிகள் முற்றாக அகன்றாலும் ஓட்டம் சுமார் இரண்டரை மடங்கோடு நின்றுவிடும். அன்றாட வேலைக்கு இது பெரும்பாலும் போதும்.

அதே நாடி 70 வீதம் ஒடுங்கினால், அதாவது வாய் 0.9 மில்லிமீற்றர் ஆனால், நிலைமை முற்றிலும் மாறுகின்றது. பரப்பு பதினொன்றில் ஒரு பங்காகின்றது. ஓய்விலேயே குருதி செக்கனுக்கு இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சீறவேண்டியுள்ளது. இழப்பு நாற்பது அலகை அண்மிக்கின்றது. அப்பால் எஞ்சுவது 50. இருந்தும் புன்னாடிகள் தமது சேமிப்பைத் திறந்து, ஓய்வுக்குத் தேவையான குருதி முழுவதையும் கொடுத்துவிடுகின்றன. நாற்காலியில் இருப்பவருக்கு வலி இல்லை. அவர் பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ விரைந்து நடந்தால், அல்லது இரண்டு மாடி ஏறினால், இதயம் இரு மடங்கு கேட்கும். நமது கணக்கின்படி இந்த நாடியால் கொடுக்கக்கூடிய உச்சம் ஓய்வு ஓட்டத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு மட்டுமே. நெஞ்சில் பாரமாக அழுத்தும் வலி அப்போதே தோன்றுகின்றது. நின்று இளைப்பாறியதும் அடங்குகின்றது. நின்றதும் வலி அடங்கியதால் அது வாயுக்கோளாறு என்று சொல்லிக்கொள்வோர் நம்மிடையே அனேகர். நின்றதும் அடங்குவதே அது ஒடுங்கிய நாடியின் வலியாக இருக்கலாம் என்பதற்கான முக்கியமான அடையாளம்.

50 இலிருந்து 70 க்குச் செல்வது இருபது வீதப் பயணம் போல் தோன்றினும், ஓய்வு நிலை இழப்பு நாலரையிலிருந்து நாற்பதாகப் பாய்ந்தது. ஒடுக்கம் தொடக்கத்தில் ஏறக்குறைய எதையும் மாற்றுவதில்லை, பின்னர் சிறிது கூடினாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகின்றது. அமெரிக்க வைத்தியர் லான்ஸ் கூல்ட் 1974 இல் நாய்களின் இதய நாடிகளைப் படிப்படியாக ஒடுக்கி நடத்திய பரிசோதனைகள் இதனைத் தெளிவாகக் காட்டின. விட்டம் சுமார் 85 வீதம் ஒடுங்கும் வரை ஓய்வு நிலை ஓட்டம் குறையவில்லை. உச்ச ஓட்டமோ 30 முதல் 45 வீத ஒடுக்கத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது.

அப்படியாயின் ஒரு நோயாளியின் நாடியில் இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிடுவதற்குப் பதிலாக நேரடியாக அளக்க முடியாதா? முடியும். மயிரிழை போன்ற மெல்லிய கம்பியொன்றின் நுனியருகே அமுக்கமானியைப் பொருத்தி, அதனை ஒடுக்கத்துக்கு அப்பால் செலுத்துகின்றனர். ஆனால் நோயாளி மேசையில் ஓய்வாகப் படுத்திருக்கின்றார். அது சமையலறைக் குழாய் மட்டும் திறந்திருக்கும் வீட்டுக்கு ஒப்பானது. ஆகவே அடினோசின் என்னும் மருந்தைக் கொடுத்துப் புன்னாடிகளை அகலச் செய்கின்றனர். வீட்டின் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டது போன்ற நிலை இது. அவ்வேளையில் ஒடுக்கத்துக்கு அப்பாலுள்ள அமுக்கத்தைப் பெருநாடியின் அமுக்கத்தால் வகுக்கின்றனர். ஒடுக்கம் இல்லையெனில் விடை 1. ஐரோப்பிய இதயநோய் நிபுணர்களான நிக்கோ பில்ஸ், பேர்னாட் டி பிரைன் ஆகியோர் 1990 களில் வளர்த்தெடுத்த முறை இது. இன்று 0.80 அல்லது அதற்குக் குறைவான விடை, ஒடுக்கம் இதயத் தசையைப் பட்டினி போடுகின்றது எனக் கொள்ளப்படுகின்றது. நமது 50 வீத நாடியை இவ்வாறு அளந்தால் விடை 0.82 அளவில் வரும். 70 வீத நாடியில் 0.41 அளவில் வரும்.

உண்மையான நாடிகள் நமது கணக்கைப்போல் ஒழுங்கானவை அல்ல. ஒடுக்கத்தின் நீளம், வாயின் வடிவம், அந்நாடி உணவூட்டும் தசையின் பருமன் ஆகிய அனைத்தும் விடையை மாற்றுகின்றன. 2009 ஆம் ஆண்டில் வெளியான 'ஃபேம்' என்னும் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட இதய நாடிகளில் ஒடுக்கமுள்ள 1,005 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குப் படத்தை மட்டும் பார்த்து ஸ்ரென்ற் எனப்படும் வலைக்குழாய் பொருத்தப்பட்டது. மறு பகுதியினருக்குக் கம்பியால் அளந்து, 0.80 ஐத் தாண்டாத ஒடுக்கங்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டது. அளக்கப்பட்டோருக்குத் தேவைப்பட்ட வலைக்குழாய்கள் குறைவு. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மீண்டும் சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தோர் முதற் பகுதியில் 18.3 வீதமும் அளக்கப்பட்ட பகுதியில் 13.2 வீதமும் ஆவர். அந்த ஆய்வில் படத்தில் 50 முதல் 70 வீதம் எனத் தெரிந்த ஒடுக்கங்களுள், உண்மையில் ஓட்டத்தைப் பாதித்தவை ஏறத்தாழ மூன்றில் ஒன்றே. 71 முதல் 90 வீதம் எனத் தெரிந்தவற்றுள்ளும் ஐந்தில் ஒன்று பாதிக்காதவையாக இருந்தன. அனுபவமிக்க கண்களும் நிழலின் அகலத்தைக் கொண்டு அமுக்கத்தை ஊகிக்க முடியாமல் தடுமாறுகின்றன என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

அமுக்கக் கம்பியும் ஏமாறும் இடங்கள் உண்டு. நீண்டகால நீரிழிவினால் புன்னாடிகளே பழுதடைந்து, மருந்து கொடுத்தும் அகலாதிருந்தால் ஓட்டம் கூடாது. ஓட்டம் கூடாவிட்டால் ஒடுக்கத்தில் இழப்பும் கூடாது. அப்போது விடை 0.90 என்று வரும், நாடி நல்லதென எழுதப்படும், நோயாளிக்கோ வலி தொடரும். திருகுகளே இறுகிப்போன வீட்டில் குழாயைச் சோதிப்பதற்கு ஒப்பானது இது. அடுத்தடுத்து இரு ஒடுக்கங்கள் இருந்தாலும் சிக்கலே. ஒன்று ஓட்டத்தைக் குறைப்பதால் மற்றையது உள்ளதைவிட இலேசானதாகத் தோன்றும். ஒன்றைச் சீர்செய்தபின் மற்றையதை மீண்டும் அளந்தால்தான் அதன் உண்மை உருவம் தெரியவரும்.

நாடியொன்று ஒடுங்கினால் கையில் அளக்கும் குருதியமுக்கம் கூடும் என்ற எண்ணத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இதய நாடியின் ஒடுக்கத்தினால் அவ்வாறு கூடுவதில்லை. சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடி ஒடுங்கினாலோ நிலைமை வேறு. ஒடுக்கத்துக்கு அப்பால் குறைந்த அமுக்கத்தைப் பெறும் சிறுநீரகம், முழு உடலிலும் அமுக்கம் குறைந்துவிட்டது என்று தவறாக விளங்கிக்கொண்டு, அமுக்கத்தைக் கூட்டும் சுரப்பை வெளிவிடுகின்றது. ஹரி கோல்ட்பிளாற் 1934 இல் நாயின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் இறுக்கி இதனை எடுத்துக்காட்டினார். அங்கும் ஒடுக்கம் நேரடியாகச் செய்தது அமுக்கத்தைக் குறைத்தது மட்டுமே. மிகுதியைச் செய்தது உடலின் பதில் நடவடிக்கை.

இந்தக் குழாய்க் கணக்கு அறவே சொல்ல முடியாத விடயம் ஒன்று உண்டு. படியேறும்போது வரும் வலியை அது விளக்கும். நாளை மாரடைப்பு வருமா என்பதை அது கூறாது. மாரடைப்புகளில் பெரும்பாலானவை, நாடிச் சுவரிலுள்ள கொழுப்பு மேட்டின் மெல்லிய தோல் கிழிந்து, அவ்விடத்தில் குருதி உறைந்து குழாயை மூடிவிடுவதால் ஏற்படுகின்றன. கிழியும் மேடு பெரியதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் நாள் வரை 40 வீதமாக, அமுக்கக் கம்பிக்கு அகப்படாததாக இருந்த மேடும் கிழியலாம். ஆகையால் 0.82 என்ற விடையைப் பெற்றவரிடம் வலைக்குழாய் இப்போது தேவையில்லை என்று கூறும் வைத்தியர், கொலஸ்திரோல் மாத்திரையை நிறுத்தும்படியோ புகைத்தலைத் தொடரலாம் என்றோ கூறுவதில்லை. வலைக்குழாய் குழாயின் வாயைத் திறக்கின்றது. மாத்திரையும் புகையை விடுதலும் குழாயின் சுவரைப் பற்றியவை.